சமமாக வந்தவர்களில் யார் முதலில்?

தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் நான்கு மாணவர்களைக் கற்பனை செய்துகொள்வோம். நால்வருக்கும் கட்-ஆஃப் 200க்கு 195. தரவரிசைப் பட்டியலில் நான்கு பேரையும் ஒரே எண்ணில் நிறுத்த முடியாது. கலந்தாய்வில் கணினி ஒவ்வொருவராகத்தான் இடம் கொடுக்கும். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் அவர்கள் கேட்கும் பிரிவில் மிச்சம் ஓர் இடம்தான் என்றால் ஒருவர் உள்ளே போவார், மூவர் வெளியே நிற்பார்கள். அந்த ஒருவரை எப்படித் தேர்ந்தெடுப்பது? தமிழ்நாடு இதற்கு ஒரு வரிசையை எழுத்தில் வைத்திருக்கிறது. முதலில் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல், பிறகு நான்காவது விருப்பப் பாடம். அதிலும் சமம் என்றால் பிறந்த தேதியைப் பார்த்து மூத்தவருக்கு முன்னுரிமை. அதுவும் ஒன்றாக இருந்தால் கணினி தரும் பத்து இலக்கச் சமவாய்ப்பு எண். அண்மை ஆண்டுகளில் பிறந்த தேதிக்கு முன்னால் பன்னிரண்டாம் வகுப்பு மொத்தமும் பத்தாம் வகுப்பு மொத்தமும் சேர்ந்திருக்கின்றன. பாடம் முதலில், வயது பிறகு என்ற அடிப்படை மாறவில்லை.

பினாங்கில் உட்கார்ந்துகொண்டு இதைப் பற்றி எழுதக் காரணம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் யூ.பி.யூ. முடிவு வெளிவரும்போது, முழுத் தேர்ச்சி பெற்றும் கேட்ட துறை கிடைக்காத பிள்ளைகளின் செய்தி நம் நாளிதழ்களில் வருகிறது. 4.00 எடுத்தவருக்கு ஏன் இடமில்லை என்று கேட்கிறோம். அதே இடத்துக்கு இன்னும் நூற்றுக்கணக்கான 4.00 நின்றன என்பது அமைச்சின் பதில். அந்த நூற்றுக்கணக்கானவர்களை எந்த வரிசையில் நிறுத்தினார்கள் என்ற அடுத்த கேள்விக்குத்தான் தெளிவான பதில் வருவதில்லை. தமிழ்நாட்டின் முறை அந்தக் கேள்விக்கு வெளிப்படையாகப் பதில் சொல்கிறது. அதில் ஒரு பாதி நியாயமானது, மறு பாதி நியாயமற்றது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். பாட மதிப்பெண்ணால் சமநிலையை உடைப்பதற்குக் காரணம் சொல்ல முடியும். வயதால் உடைப்பதற்குச் சொல்ல முடியாது.

இத்தனை பேர் எப்படிச் சமமாக வருகிறார்கள் என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. கட்-ஆஃப் கணக்கு எளிமையானது. கணிதம் முழுதாக 100, இயற்பியலில் பாதி 50, வேதியியலில் பாதி 50, ஆக 200. நுழைவுத் தேர்வு இருந்த காலத்தில் அதன் 100 மதிப்பெண்ணும் இதோடு சேர்ந்து 300 ஆக இருந்தது. 2007ஆம் ஆண்டின் 3ஆம் எண் சட்டம் நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டது. கிராமத்துப் பிள்ளைகளுக்கும் தனிப்பயிற்சிக்குப் பணமில்லாதவர்களுக்கும் அது பெரிய நன்மை, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக்காட்டும் அளவுகோல் ஒன்று குறைந்தது. அடுத்து, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு 1200 மதிப்பெண்ணிலிருந்து 600க்கு மாறியது. 2019 மார்ச்சில் எழுதியவர்களே புதிய முறையின் முதல் அணி. முன்பு ஒரு பாடத்துக்கு 200. இயற்பியலை 50க்குக் குறைத்தால் ஒரு மதிப்பெண் கால் புள்ளியாக நிற்கும், கட்-ஆஃப் 195.25 என்றும் 195.75 என்றும் வரும். இப்போது பாடத்துக்கு 100 என்பதால் மிகச் சிறிய இடைவெளியே அரைப் புள்ளி. பூச்சியத்திலிருந்து 200 வரை முன்பு 801 படிகள் இருந்தன, இன்று 401 படிகள். விண்ணப்பிப்பவர்களோ ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். தகுதியின் கீழ் எல்லையை 80 என்று வைத்துக்கொண்டால் அந்த இரண்டு லட்சம் பேரும் 241 படிகளில் நிற்க வேண்டும். ஒரு படிக்குச் சராசரியாக 800 பேருக்கு மேல். மற்றப் பாடத்திட்டங்களில் படித்தவர்களின் மதிப்பெண்ணை மாநிலப் பாடத்திட்டத்தின் உச்ச மதிப்பெண்ணோடு சமன்செய்யும்போது சில தசமங்கள் வரும். மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்கள்தான் பெரும்பான்மை என்பதால் நெரிசல் பெரிதாகக் குறைவதில்லை. ஆக, சமநிலை என்பது எப்போதாவது நேரும் விபத்தல்ல. அரைப் புள்ளி அளவுகோலை வைத்து இரண்டு லட்சம் பேரை அளக்கும் முறையின் இயல்பான விளைவு அது. அதனால்தான் சமநிலையை உடைக்கும் விதி அடிக்குறிப்பில் போட்டுவிட்டுப் போகக்கூடிய சிறு விவரமல்ல. பட்டியலின் பெரும்பகுதியை எழுதுவதே அந்த விதிதான்.

இனி நம் நால்வரிடம் வருவோம். க என்பவர் கணிதத்தில் 98, இயற்பியலில் 97, வேதியியலில் 97. ச என்பவர் கணிதத்தில் 95, மற்ற இரண்டிலும் 100. த என்பவர் கணிதத்தில் 98, இயற்பியலில் 99, வேதியியலில் 95. ப என்பவரின் மூன்று மதிப்பெண்ணும் அப்படியே க எடுத்தவைதான். கூட்டிப் பாருங்கள், நால்வருக்கும் சரியாக 195 வரும். விதியின் முதல் படியில் கணிதம் பார்க்கப்படுகிறது. 98 எடுத்த மூவரும் முன்னே போகிறார்கள், 95 எடுத்த ச கடைசி. இரண்டாம் படியில் இயற்பியல். 99 எடுத்த த முதலிடத்துக்கு வருகிறார். க, ப இருவரும் இன்னும் ஒட்டியே நிற்கிறார்கள். வேதியியலை ஏன் பார்க்கவில்லை என்று கேட்கலாம். பார்த்தும் பயனில்லை. கட்-ஆஃப் சமம், கணிதம் சமம், இயற்பியலும் சமம் என்றால் வேதியியல் சமமாக இருந்தே தீர வேண்டும். அதனால்தான் விதி வேதியியலைத் தாண்டி நான்காவது பாடத்துக்குப் போகிறது.

ச என்பவரை இன்னொரு முறை பார்க்க வேண்டும். மூன்று பாடங்களிலும் அவர் எடுத்த மொத்தம் 295. அவருக்கு முன்னால் நிற்கும் மூவருக்கும் மொத்தம் 292 தான். கூடுதலாக மூன்று மதிப்பெண் எடுத்தவர் பின்னால் நிற்கிறார். இது இந்த உதாரணத்துக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. கட்-ஆஃப் சமமாக இருக்கும் எந்த இருவரை எடுத்தாலும், கணிதத்தில் ஒரு மதிப்பெண் கூடுதலாக எடுத்தவரின் மூன்று பாட மொத்தம் மற்றவரைவிட ஒரு மதிப்பெண் குறைவாகவே இருக்கும். கணிதத்துக்கு ஏற்கெனவே இரட்டை எடை கொடுத்து 195 என்ற எண்ணை உருவாக்கினோம். சமநிலையை உடைக்கும்போது அதே கணிதத்துக்கு இரண்டாம் முறையும் எடை கொடுக்கிறோம். ச என்பவரின் பெற்றோர் இதைக் கண்டு மனம் நொந்தால் அதைத் தவறென்று சொல்ல மாட்டேன்.

ஆனாலும் இந்தப் படியை என்னால் ஏற்க முடிகிறது. பொறியியலின் முதலாண்டுப் பாடங்கள் கணிதத்தின் மேல் கட்டப்பட்டவை, அங்கே தடுமாறுபவர்கள் பெரும்பாலும் கணிதத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஆகவே கணித மதிப்பெண், படிக்கப்போகும் படிப்பைப் பற்றிக் கொஞ்சமாவது சேதி சொல்கிறது. அதைவிட முக்கியம், இந்த விதி முன்கூட்டியே தெரியும். பதினோராம் வகுப்பில் கால் வைக்கும் நாளிலிருந்து ஒரு மாணவி கணிதத்தில் கூடுதலாக உழைக்கலாம் என்று முடிவெடுக்க முடியும். அவள் கையில் இருக்கும் ஒன்றைத்தான் விதி பார்க்கிறது. நான்காவது பாடத்தில் இந்த நியாயம் மெலிந்துவிடுகிறது. ஒருவருக்கு அது கணினி அறிவியல், இன்னொருவருக்கு உயிரியல். வெவ்வேறு வினாத்தாள், வெவ்வேறு திருத்துநர்கள். கணினி அறிவியலில் 98 எடுத்தவர் உயிரியலில் 96 எடுத்தவரைவிடத் தகுதியானவர் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. பன்னிரண்டாம் வகுப்பு மொத்தத்தில் தமிழும் ஆங்கிலமும் வருகின்றன, பத்தாம் வகுப்பு மொத்தத்தில் சமூக அறிவியலும் வருகிறது. படி இறங்க இறங்க, விதி பார்க்கும் விஷயம் பொறியியலிலிருந்து விலகிக்கொண்டே போகிறது. இருந்தாலும் அவையெல்லாம் பிள்ளை உழைத்துப் பெற்ற மதிப்பெண்கள். அடுத்த படியான பிறந்த தேதியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

க, ப இருவரும் நான்காவது பாடத்திலும் இரண்டு மொத்தங்களிலும் சமம் என்று வையுங்கள். க பிறந்தது 2007 நவம்பர், ப பிறந்தது 2008 மார்ச். க முன்னே போகிறார். ஏன்? நான்கு மாதம் முன்பு பிறந்ததால் மட்டும். இத்தனை படி தாண்டி வயது வரைக்கும் எத்தனை பேர் வந்துவிடப் போகிறார்கள் என்று சிலர் கேட்பார்கள். பட்டியலின் நடுப்பகுதியில் குறைவுதான், மொத்த மதிப்பெண்களை இடையில் சேர்த்த பிறகு இன்னும் குறைவு. உச்சியில் நிலைமை வேறு. 2024இல் 65 பேர் 200க்கு 200 எடுத்தார்கள், 2025இல் 144 பேர். அவர்கள் எல்லோருக்கும் கணிதம் 100, இயற்பியல் 100, வேதியியல் 100. மேலே உள்ள இரண்டு பாடப் படிகளும் அவர்களிடம் செயலற்றுப் போகின்றன. முழு மதிப்பெண் எடுத்தவர்களைப் பாட மதிப்பெண்ணால் பிரிக்கவே முடியாது. எங்கே போட்டி மிகக் கடுமையோ, அங்கேதான் விதி கீழ்ப்படிகளுக்கு மிக விரைவாக இறங்குகிறது.

இந்தியாவின் மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் இதை நாடறியக் காட்டியது. 2020 அக்டோபரில் வந்த முடிவில் ஒடிசாவைச் சேர்ந்த மாணவர் ஒருவரும் டெல்லியில் படித்த மாணவி ஒருவரும் 720க்கு 720 எடுத்திருந்தார்கள். எல்லாக் கேள்விக்கும் சரியான விடை என்பதால் உயிரியல், வேதியியல், தவறான விடைகளின் எண்ணிக்கை என்று எதைப் பார்த்தாலும் இருவரும் சமம். கடைசியில் வயது பார்க்கப்பட்டது. மூத்தவரான மாணவர் முதலிடம், மாணவி இரண்டாமிடம். விரும்பிய கல்லூரி இருவருக்கும் எட்டும் தூரத்தில்தான் இருந்தது, ஆகவே இட இழப்பு எதுவும் இல்லை. ஆனால் ஒரு பிழையும் செய்யாத மாணவி இரண்டாமவர் என்று பதிவேட்டில் ஏறியது. எதில் இரண்டாமவர் என்ற கேள்விக்கு அந்தப் பதிவேட்டில் பதில் இல்லை. அடுத்த ஆண்டே நீட் விதியிலிருந்து வயது நீக்கப்பட்டது; 2021இல் மூன்று பேர் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். 2022இல் வயது திரும்பி வந்தது, அதற்கும் பிறகு விண்ணப்ப எண் சேர்க்கப்பட்டது. பின்னர் இரண்டும் போயின. ஒரு விதியை உருவாக்கியவர்களே நீக்கி, சேர்த்து, மறுபடி நீக்குகிறார்கள் என்றால் அதைத் தாங்கி நிற்கும் காரணம் எவ்வளவு வலுவற்றது என்று நாமே கணிக்கலாம்.

விண்ணப்ப எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. பார்வைக்கு அது யாருக்கும் சார்பில்லாத எண் போலத் தோன்றும். ஆனால் சிறிய எண் யாருக்குக் கிடைக்கிறது? அகப்பக்கம் திறந்த முதல் நாளே விண்ணப்பித்தவருக்கு. வீட்டில் இணையமும், ஆவணங்களை எடுத்து அடுக்கித் தரப் படித்த பெற்றோரும் இருப்பவர் முதல் நாளில் முடித்துவிடுவார். சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்தில் காத்திருப்பவர் கடைசி நாளில்தான் அனுப்ப முடியும்.

வயதுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது இதுதான். பிறந்த தேதியை யாரும் மாற்ற முடியாது, சான்றிதழில் இருக்கிறது, அதிகாரி தன் விருப்பத்துக்கு வளைக்க வழியில்லை. ஊழலுக்கு இடம் தராத விதி என்ற அளவில் இதை நான் மதிக்கிறேன். அதிகாரியின் அறைக்குள் முடிவெடுப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் வளைக்க முடியாதது என்பதும் நியாயமானது என்பதும் ஒன்றல்ல. உயரத்தையும்தான் யாராலும் வளைக்க முடியாது. உயரமானவருக்கு முதலிடம் என்றால் ஒப்புக்கொள்வோமா? சான்றிதழின் உறுதியிலும் ஒரு வரம்பு உண்டு. தமிழ்நாட்டில் முந்தைய தலைமுறையைக் கேட்டுப் பார்த்தால், பள்ளியில் சேர்த்த நாளில் தலைமையாசிரியர் குறித்த ஜூன் மாதத் தேதியே பிறந்த தேதியாக நின்றுவிட்டவர்கள் ஏராளம். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தக் குழப்பம் குறைவு.

அடுத்த வாதம், மூத்தவருக்கு முதலிடம் என்பது நம் பண்பாடு, அவருக்கு மீதமிருக்கும் காலமும் குறைவு என்பது. ஐம்பது வயதுக்காரரும் இருபது வயதுக்காரரும் ஒரே வேலைக்கு நின்றால் இதைப் பேசலாம். இங்கே நிற்பவர்கள் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள். வித்தியாசம் சில மாதங்கள், சமயத்தில் சில நாட்கள். நான்கு மாதம் மூத்தவருக்கு வாழ்க்கையில் எந்தக் கதவும் அதனால் முன்கூட்டிச் சாத்தப்படுவதில்லை. ஒரே வகுப்பில் மூத்த பிள்ளைகளுக்குத் தொடக்கப் பள்ளியிலிருந்தே ஒரு சிறு சாதகம் இருப்பதைப் பல நாடுகளின் கல்வி ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஐந்து வயதில் பத்து மாத வித்தியாசம் பெரியது, அந்த முந்தல் மெல்ல மெல்லத்தான் கரைகிறது. அப்படிப் பார்த்தால், குறைந்த வயதில் அதே மதிப்பெண்ணை எட்டிய பிள்ளையைப் பின்னால் தள்ளுவதற்கு என்ன காரணம் சொல்வோம்? இளையவருக்கு முன்னுரிமை கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை, அதுவும் இதே அளவு தவறு. பிறந்த மாதத்தை எந்தப் பக்கமும் எடை போடக் கூடாது.

மூன்றாவதாக வரும் எதிர்ப்புக்குத்தான் கவனமாகப் பதில் சொல்ல வேண்டும். தேர்வே துல்லியமற்றது, மறுகூட்டலிலும் மறுமதிப்பீட்டிலும் மதிப்பெண் மாறுகிறது, அரைப் புள்ளி வித்தியாசமே பல நேரம் திருத்துநரின் கையைப் பொறுத்தது, அப்படியிருக்க வயதை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும் என்பது அந்த எதிர்ப்பு. உண்மைதான், 195க்கும் 195.5க்கும் நடுவே உள்ள தூரம் திருத்தும் பிழையைவிடச் சிறியது. ஆனால் திருத்தும் பிழை இன்று ஒருவர் மேல் விழும், நாளை இன்னொருவர் மேல் விழும். எந்தப் பிள்ளையையும் அது தேடிப்போய்ப் பிடிப்பதில்லை. வயது விதி தேடிப்போய்ப் பிடிக்கிறது. ஒரு வகுப்பில் கடைசியாகப் பிறந்த பிள்ளை பொறியியல் பட்டியலில் சமமாக வந்தால் பின்னுக்குப் போகும். மருத்துவப் பட்டியலிலும் அதே விதி இருந்தால் அங்கேயும் பின்னுக்குப் போகும். தன் வகுப்பு நண்பர்களோடு எந்தச் சமநிலையிலும் அந்தப் பிள்ளை ஒருமுறைகூட வெல்லாது, பிறந்த அன்றே அது முடிவாகிவிட்டது. குலுக்கலில் தோற்றவர் அடுத்த குலுக்கலில் ஜெயிக்கலாம். பிறந்த தேதியில் தோற்றவருக்கு அடுத்த முறை என்பதே கிடையாது.

ஆகவே பாடப் படிகள் தீர்ந்த இடத்தில் நேராகக் குலுக்கலுக்குப் போவதே சரி. தமிழ்நாட்டின் விதியிலேயே அது கடைசிப் படியாக இருக்கிறது. விண்ணப்பம் முடிந்ததும், தரவரிசைப் பட்டியல் வெளிவருவதற்கு முன்பே, ஒவ்வொருவருக்கும் பத்து இலக்க எண் ஒன்றைக் கணினி ஒதுக்குகிறது. அது மாணவருக்குத் தெரிவிக்கப்படுகிறது. மற்ற எல்லாவற்றிலும் சமம் என்றால் பெரிய எண் உடையவர் முன்னே போகிறார். செய்ய வேண்டியது ஒன்றுதான், அந்தப் படியை ஒரு படி மேலே ஏற்றி வயதை எடுத்துவிட வேண்டும். நீட் தேர்வும் 2025ஆம் ஆண்டுக்கான விதியில், பாடங்களும் தவறான விடைகளின் விகிதமும் தீர்ந்த பிறகு நிபுணர் குழுவின் மேற்பார்வையில் சமவாய்ப்பு முறை என்று எழுதியது.

பன்னிரண்டு ஆண்டு உழைப்பைக் குலுக்கலில் விடுவதா என்று பெற்றோர் பதறுவார்கள். உழைப்பு குலுக்கலில் விடப்படுவதில்லை, அது முழுவதும் எண்ணப்பட்டுவிட்டது. உழைப்பால் இனி எதையும் பிரிக்க முடியாத இடத்தில்தான் குலுக்கல் தொடங்குகிறது. நெதர்லாந்து மருத்துவப் படிப்புக்கு 1970களிலிருந்து மதிப்பெண்ணுக்கு ஏற்ப எடை கொடுத்துக் குலுக்கி இடம் கொடுத்தது. 2017இல் அதை விட்டு, நேர்காணலும் தனித் தேர்வும் வைத்துப் பார்த்தது. வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கே அது சாதகமாகிறது என்ற கவலை வளர்ந்தது. 2023இல் குலுக்கலுக்கு மீண்டும் அனுமதி கொடுத்தது. ஆனால் குலுக்கல் நம்பப்பட வேண்டுமானால் எண் எப்படிப் பிறக்கிறது என்பது வெளியே தெரிய வேண்டும். யாருக்கு எத்தனை மதிப்பெண் என்று தெரிந்த பிறகு எண் ஒதுக்கினால் சந்தேகம் வரும், வரத்தான் வேண்டும். விண்ணப்பப் பட்டியலை முதலில் வெளியிட்டு மூடிவிட்டு, பிறகு எல்லோர் முன்னிலையிலும் எண்ணை எடுத்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

இரண்டு மாற்று வழிகளையும் சொல்லிவிட வேண்டும். சமமானவர்களுக்கு ஒரே தரத்தைக் கொடுத்துவிடலாம் என்பது ஒன்று. பெருமையைப் பகிர அது போதும், இடத்தைப் பகிரப் போதாது. 2021இல் நீட் தேர்வில் மூவருக்கு முதலிடம் கொடுத்தபோதுகூடக் கலந்தாய்வில் தேவைப்பட்டால் சமநிலை உடைக்கப்படும் என்றே தேர்வு முகமை சொன்னது. மற்றது அளவுகோலை நுணுக்கமாக்குவது. இலங்கையில் 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு நான்கு தசமத்தில் இசட் புள்ளி கணக்கிடப்படுகிறது. அங்கே சமநிலை அரிது. ஆனால் நான்காம் தசமத்தில் முந்தியவர் உண்மையில் முந்தியவர் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை. அங்கே குலுக்கல் தசமங்களுக்குள் மறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது நம் வீட்டுக் கதை. எஸ்.டி.பி.எம்.மில் ஒரு பாடத்துக்கு ஏ என்றால் 4.00, ஏ கழித்தல் என்றால் 3.67. நான்கு பாடச் சராசரியில் 4.00க்கு அடுத்துக் கீழே வரக்கூடிய புள்ளி 3.92 தான், நடுவில் எதுவும் இல்லை. தமிழ்நாட்டின் அரைப் புள்ளியைவிடப் பருமனான அளவுகோல் இது. 4.00 எடுப்பவர்கள் எஸ்.டி.பி.எம்.மில் மட்டும் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல், மெட்ரிகுலேஷனில் எடுப்பவர்கள் தனி. தகுதிப் புள்ளி கல்விக்கு 90, புறப்பாடத்துக்கு 10. 4.00 எடுத்த எல்லோருக்கும் முதல் பகுதியில் முழு 90 கிடைத்துவிடுவதால், அவர்களை வரிசைப்படுத்துவது புறப்பாடப் புள்ளி மட்டுமே. சமநிலையில் இல்லாதவர்களைக்கூட அது புரட்டிப் போடுகிறது. 3.92 எடுத்தவருக்குக் கல்வியில் 88.2. அவர் புறப்பாடத்தில் 9.9 வாங்கினால் மொத்தம் 98.1. 4.00 எடுத்து, புறப்பாடத்தில் 8.0 வாங்கியவருக்கு 98.0. சீருடை இயக்கமும் போட்டிகளும் நிறைந்த நகரப் பள்ளி எது, பயிற்றுநரே கிடைக்காத பள்ளி எது என்பதைப் பினாங்கில் பிள்ளை வளர்க்கும் எவரும் அறிவார்கள். கணக்கியல் படிப்புக்கு நிற்கும் இருவரைப் பிரிக்க அந்தப் பாடத்தில் அவர்கள் வாங்கிய மதிப்பெண் பயன்படுத்தப்படுவதில்லை. மாநில அளவில் விளையாடினார்களா என்பது பயன்படுகிறது. அதற்கும் மேல் சில துறைகளில் நேர்காணல். வயது விதிக்காவது அதன் முடிவை எவரும் சரிபார்க்கலாம் என்ற ஒரு நன்மை இருந்தது. நேர்காணலுக்கு அதுவும் இல்லை.

மெட்ரிகுலேஷன் நுழைவில் அரசாங்கம் 2024இல் வேறொரு வழியைக் கண்டது. எஸ்.பி.எம்.மில் பத்து ஏ எடுத்தவர்கள் எந்த இனத்தவராயினும் எல்லோருக்கும் இடம் என்று அறிவித்தது. சமமானவர்களைப் பிரிக்காமல் எல்லோரையும் உள்ளே எடுத்துக்கொள்வது அது. இடத்தைக் கூட்ட முடிகிற படிப்புக்கு அதைவிட நல்ல தீர்வு இல்லை. மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் அப்படிக் கூட்ட முடியாது. அங்கே யாரையாவது பிரித்துத்தான் ஆக வேண்டும்.

யூ.பி.யூ. வழிகாட்டியில் இன்று ஒவ்வொரு படிப்புக்கும் முந்தைய ஆண்டின் சராசரித் தகுதிப் புள்ளி போடப்படுகிறது. சராசரியால் ஒரு மாணவருக்குப் பெரிய பயன் இல்லை. கடைசியாக இடம் பெற்றவரின் புள்ளி என்ன, அதே புள்ளியில் எத்தனை பேர் நின்றார்கள், அவர்களைப் பிரித்த வரிசை எது என்ற மூன்றும் தெரிந்தால்தான் பன்னிரண்டு விருப்பப் படிப்புகளையும் அறிவோடு நிரப்ப முடியும். தமிழ்நாட்டின் முறையில் வயதை நான் ஏற்கவில்லை. ஆனால் சென்னையில் தோற்ற மாணவி தான் எந்தப் படியில் தோற்றாள் என்று விரல் வைத்துக் காட்ட முடியும். பினாங்கில் தோற்ற மாணவியால் அது முடியாது. உயர்கல்வி அமைச்சு ஒவ்வொரு படிப்புக்கும் சமநிலை விதியை எழுத்தில் வெளியிட வேண்டும். படிப்புக்கு நேரடித் தொடர்புள்ள பாடத்தின் புள்ளி அதில் முதலில் வர வேண்டும், அது தீர்ந்த இடத்தில் வெளிப்படையான குலுக்கல் வர வேண்டும். பிறந்த தேதிக்கு அதில் இடம் இருக்கக் கூடாது. இந்த ஆண்டு மேல்முறையீடு எழுதும் பெற்றோர்கள், ஏன் கிடைக்கவில்லை என்று பொதுவாகக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். என் பிள்ளையின் தகுதிப் புள்ளியில் எத்தனை பேர் இருந்தார்கள், எந்த விதிப்படி மற்றவர் முன்னே நிறுத்தப்பட்டார் என்று எழுத்தில் கேளுங்கள்.